தோட்டத்து லயத்துக்குப் போன டிஜிட்டல் போட்டோ பிரேம்: வீடியோ மாற்றிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

அட்டன் நகரில் நான் படப்பிரதி எடுத்தல், மெமரி காட் பதிவு, பழைய வீடியோ மாற்றுதல் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறு கடையொன்றை நடத்துகிறேன். கடந்த ஐப்பசியில் மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளம் பெண் ஏழு அங்குலத் திரை கொண்ட பழைய டிஜிட்டல் போட்டோ பிரேம் ஒன்றை எடுத்து வந்தார். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் வேலை செய்த அண்ணன் அனுப்பி, அலுமாரியில் கிடந்த பொருள் அது. அவருடைய தந்தை அந்த ஆண்டுத் தொடக்கத்தில் காலமாகியிருந்தார். தந்தை பேசுவதும் நடப்பதுமாக அவர் தன் கைத்தொலைபேசியில் எடுத்த ஒன்பது வீடியோக்கள் இருந்தன. தாயார் ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி. கண் பார்வை குறைந்தவர், கைத்தொலைபேசியைத் தொட்டுப் பழகாதவர். மகள் கொழும்பில் வேலைக்குப் போனபின், தாயார் தனியாக இருக்கும்போது ஒரு பொத்தானை மட்டும் அழுத்திக் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. இவ்விபரங்களைப் பெயரின்றி எழுத இருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

புதிய டேப்லெட் ஒன்றை வாங்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரேமை மின்சாரத்தில் செருகினால் அது தானாகவே காட்டத் தொடங்கும். கடவுச்சொல்லும் இல்லை, புதுப்பிப்பும் இல்லை, தவறித் தொட்டால் வேறெங்கோ போய்விடும் திரையும் இல்லை. அந்தத் தாயாருக்குப் பொருத்தமானது இந்தப் பழைய பொருள்தான் என்று நானும் நினைத்ததால், அதற்கு ஏற்ற மாதிரி வீடியோவை மாற்றுவதென முடிவு செய்தோம்.

முதலில் கண்டவை

என்னிடம் வருமுன் அவர்கள் வேறொரு கடையில் வீடியோக்களை மாற்றியிருந்தார்கள். அங்கே கொடுக்கப்பட்ட 64 ஜிகாபைட் காட்டை பிரேம் அறவே காணவில்லை. அது வியப்பல்ல. அந்தக் காலத்துப் பிரேம்கள் பெரும்பாலும் 32 ஜிகாபைட் வரையான காட்டுகளையும் `FAT32` வடிவமைப்பையும் மட்டுமே அறியும். 64 ஜிகாபைட் காட்டுகளோ கடையிலிருந்து `exFAT` வடிவமைப்பில் வருகின்றன. என் பழைய கெமராவில் கிடந்த 2 ஜிகாபைட் காட்டை `FAT32` ஆக வடிவமைத்துப் போட்டதும் பிரேம் அதைத் திறந்தது.

அடுத்து கோப்புகள். கைத்தொலைபேசியிலிருந்து நேரே எடுத்தவை பட்டியலிலேயே தோன்றவில்லை. மற்றக் கடையில் மாற்றிய கோப்புகளின் பெயர் `.avi` என்று முடிந்ததால் அவை பட்டியலில் வந்தன. ஆனால் அழுத்தியதும் ஆதரிக்கப்படாத கோப்பு என்ற அறிவித்தல்தான் வந்தது. பிரேமின் பெட்டியிலோ “ஏவிஐ வீடியோ இயங்கும்” என்று அச்சிட்டிருந்தது. அக்கடைக்காரர் அதை நம்பித்தான் மாற்றியிருக்கிறார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஏவிஐ என்பது ஓர் உறை மட்டுமே. அதற்குள் படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டிருக்கலாம், எக்ஸ்விட் முறையில் இருக்கலாம், ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி ஜேபெக் படமாக அடுக்கப்பட்ட மோஷன் ஜேபெக் முறையிலும் இருக்கலாம். உறையின் பெயரைப் பெட்டியில் அச்சிடும் உற்பத்தியாளர்கள், உள்ளே இருக்க வேண்டியது எது என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அக்கடையில் மாற்றிய கோப்புகளுக்குள் இருந்தது எச்.264. இந்தப் பிரேமின் சிறு செயலியால் அதை விரிக்க முடியவில்லை.

நான் செய்த முதல் முயற்சியும் ஊகத்தில்தான் போயிற்று. பழைய கருவி என்பதால் எக்ஸ்விட் ஓடும் என்று கருதி, அகலம் 640, உயரம் 480 அளவில் ஒரு துண்டை மாற்றினேன். படம் நான்கு விநாடி ஓடி உறைந்தது. மின்சாரத்தைப் பிடுங்கித்தான் பிரேமை மீட்க வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு முறையாக ஊகித்து ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன்.

பிரேமுக்குள்ளேயே இருந்த விடை

மறுநாள் காலை, பிரேமைக் கேபிள் வழியாகக் கணினியில் இணைத்து அதன் உள்நினைவகத்தைத் திறந்து பார்த்தேன். பூக்களும் அருவியும் கொண்ட சில மாதிரிப் படங்களுக்கு நடுவே `DEMO.AVI` என்று ஒரு கோப்பு இருந்தது. கடையில் விற்கும்போது காட்டுவதற்காக உற்பத்தியாளர் போட்டு அனுப்பிய கோப்பு. பிரேமில் அது தடங்கலின்றி ஓடியது. அக்கருவி எதை ஏற்கும் என்பதற்கு இதைவிட நம்பகமான சான்று பெட்டியிலோ கையேட்டிலோ இருக்க முடியாது. ஆகவே அதைக் கணினியில் பிரதியெடுத்து, உள்ளே இருப்பதை, வீடியோ மாற்றும் மென்பொருளான `ffmpeg` உடன் வரும் `ffprobe` என்ற கட்டளையால் வாசித்தேன்.

```
ffprobe -v error -show_entries stream=codec_name,codec_tag_string,width,height,pix_fmt,r_frame_rate,sample_rate,channels -of default=nw=1 DEMO.AVI
```

படத்தைப் பற்றிய வரிகள் இவை:

```
codec_name=mjpeg
codec_tag_string=MJPG
width=640
height=480
pix_fmt=yuvj422p
r_frame_rate=20/1
```

ஒலி `pcm_u8`, அதாவது சுருக்கப்படாத எட்டு பிட் ஒலி. விநாடிக்கு 11,025 மாதிரிகள், ஒரே தடம். ஆக, பிரேம் விரும்புவது மோஷன் ஜேபெக். விநாடிக்கு 20 சட்டகங்கள். எம்பி3 ஒலி இல்லை. இந்தக் கோப்பைப் போலவே ஒன்றை முதலில் செய்து, அது ஓடியபின் ஒவ்வொன்றாக மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். முழு வீடியோவை மாற்றிக் காத்திருக்காமல், ஒவ்வொரு சோதனைக்கும் 20 விநாடித் துண்டு ஒன்றையே எடுத்தேன்.

```
ffmpeg -ss 60 -t 20 -i a01.mp4 -vf "scale=640:480" -r 20 -c:v mjpeg -q:v 7 -pix_fmt yuvj422p -c:a pcm_u8 -ar 11025 -ac 1 T01.AVI
```

இங்கே `-r 20` என்பது சட்டகங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு மட்டுமன்று. கைத்தொலைபேசி, லயத்துக் காம்பராவின் மங்கிய வெளிச்சத்தில் படம்பிடிக்கும்போது சட்டகங்களைச் சீரற்ற இடைவெளியில் பதிகிறது. ஏவிஐ உறையோ சீரான இடைவெளியையே அறியும். இடைவெளியைச் சீராக்காமல் மாற்றினால் வாயசைவுக்கும் குரலுக்கும் இடையே போகப்போக விலகல் கூடும்.

`T01.AVI` முதல் முறையிலேயே ஓடியது. எம்பி3 ஒலியுடன் செய்த அடுத்த துண்டில் படம் வந்தது, ஒலி வரவில்லை. அத்துடன் எம்பி3ஐக் கைவிட்டேன்.

தேயிலை மலையில் தடுமாறிய படம்

காம்பராவுக்குள் எடுத்த ஏழு வீடியோக்களும் இந்த அமைப்பில் ஒழுங்காக ஓடின. எட்டாவது, தந்தை மலையில் தேயிலைச் செடிகளுக்கு இடையே நடந்து போகும் ஆறு நிமிட வீடியோ, மட்டும் விக்கி விக்கி ஓடியது. அவர் நிற்கும்போதும் விக்கியது, நடக்கும்போதும் விக்கியது. அசைவு அதிகம் என்பதால் அல்ல என்பது அதிலிருந்தே தெரிந்தது.

மோஷன் ஜேபெக்கில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை. எச்.264 போன்ற முறைகள் மாறாத பகுதியை மீண்டும் எழுதாமல் விடுகின்றன. இங்கே ஒவ்வொரு சட்டகமும் முழுப் படமாகவே எழுதப்படுகிறது. ஆகவே கோப்பின் எடையைத் தீர்மானிப்பது ஒரு படத்தில் உள்ள நுணுக்கமான விபரங்களே. வெள்ளையடித்த சுவரும் ஒரு கதிரையும் உள்ள படம் சிறிதாகச் சுருங்கும். ஆயிரக்கணக்கான இலைகளும் அவற்றின் நிழல்களும் நிறைந்த தேயிலை மலை சுருங்க மறுக்கும்.

இதை எண்களில் பார்க்க வேறு மென்பொருள் தேவைப்படவில்லை. 20 விநாடித் துண்டில் 400 சட்டகங்கள் உண்டு. காம்பராத் துண்டின் கோப்பு 12 மெகாபைட். 400ஆல் வகுத்தால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 30 கிலோபைட். அதே அமைப்பில் மாற்றிய தேயிலைத் துண்டு 25 மெகாபைட். அதாவது ஒரு சட்டகம் 62 கிலோபைட்டுக்கும் சற்று அதிகம். விநாடிக்கு 20 சட்டகம் என்னும்போது முதலாவதற்குப் பிரேம் காட்டிலிருந்து விநாடிக்கு 600 கிலோபைட் வாசித்து விரித்தால் போதும், இரண்டாவதற்கு 1,250 கிலோபைட் வேண்டும். பிரேமின் எல்லை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருந்தது.

`-q:v` என்ற எண் கூடினால் தரம் குறைந்து எடையும் குறையும். தேயிலைத் துண்டை 9இல் மாற்றியபோது 20 மெகாபைட் ஆயிற்று. இரண்டு இடங்களில் மட்டும் தடுமாறியது. 12இல் 16 மெகாபைட். அதாவது விநாடிக்கு 800 கிலோபைட். ஒரு தடுமாற்றமும் இல்லை. எல்லா வீடியோக்களையும் 12இல் மாற்றிவிடுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் காம்பரா வீடியோக்களில் தந்தையின் முகம் கிட்டத்தில் தெரிகிறது. அங்கே தரம் குறைந்தால் கன்னத்திலும் நெற்றியிலும் சதுரக் கட்டங்கள் புலப்பட்டன. முகத்தைப் பார்ப்பதற்காகவே செய்யப்படும் வேலை இது. ஆகவே காம்பரா வீடியோக்களை 7இலும் மலையில் எடுத்ததை மட்டும் 12இலும் வைத்தேன். இலைகளின் கூட்டத்தில் தரக் குறைவு கண்ணுக்குப் படவில்லை.

குரல்

முதல் துண்டுகளைத் தாயாரிடமே காட்டிக் கேட்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளுடன் வந்தார். படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு காதைப் பிரேமுக்கு அருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இது அவரு குரல் மாதிரி இல்லையே, தம்பி. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுற மாதிரி இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மாதிரிக் கோப்பை அப்படியே பின்பற்றியதால் ஒலியும் விநாடிக்கு 11,025 மாதிரிகளாக இருந்தது. மாதிரி எண்ணிக்கையின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதிய முடியாது. எனவே ஏறத்தாழ 5,500 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ள அனைத்தும் வெட்டுண்டு போகின்றன. “ச”, “ஸ” போன்ற ஒலிகளின் கூர்மை பெரிதும் அந்த மேற்பகுதியில்தான் இருக்கிறது. எட்டு பிட் பதிவு அதன்மேல் ஒரு மெல்லிய இரைச்சலையும் சேர்த்துவிடுகிறது. அருவிக் காட்சிக்கு அது போதும், ஒருவரது குரலுக்குப் போதாது.

அவர்கள் இருக்கும்போதே ஒலியை மட்டும் மாற்றி ஒரு துண்டு செய்தேன்: 16 பிட், விநாடிக்கு 22,050 மாதிரிகள், ஒரே தடம். இதற்கு விநாடிக்கு 44 கிலோபைட் மட்டுமே ஆகிறது. படத்தின் எடைக்கு முன் அது பெரிதல்ல. பிரேம் அதை ஏற்றுக்கொண்டது. தாயார் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. தந்தை மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அமைப்பையே இறுதியாக வைத்தேன். மாதிரிக் கோப்பு, பிரேம் எதை ஏற்கும் என்று காட்டியதே தவிர அதுவே அதன் உச்ச எல்லை என்று நான் எடுத்துக்கொண்டது தவறு.

நிமிர்த்தி வைத்த பிரேம்

இன்னொரு சிக்கலை அதே ஞாயிற்றுக்கிழமைதான் கண்டோம். ஒன்பது வீடியோக்களில் எட்டு, கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை. என் முதல் துண்டுகளில் தந்தையின் முகம் அகன்று பருத்துத் தெரிந்தது. நிமிர்ந்த படத்தை 640க்கு 480 என்ற அளவுக்குள் இழுத்து நிரப்பியது என் பிழை. அதற்கு மேல் பிரேமும் தன் பங்குக்கு இழுக்கிறதா என்று அறிய, கணினியில் 300 புள்ளி விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, 640க்கு 480 அளவுள்ள வீடியோவாக்கிப் பிரேமில் ஓட்டி, அடிமட்டத்தால் அளந்தேன். உயரம் 54 மில்லிமீற்றர், அகலம் 72. அதாவது பிரேம் எந்த 640க்கு 480 படத்தையும் தன் அகலத் திரை முழுவதற்கும், மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில், விரித்துவிடுகிறது.

இதைச் சரிசெய்து, இருபுறமும் கறுப்பு விட்டு, நிமிர்ந்த படத்தைச் சரியான விகிதத்தில் வைத்தால், 640 புள்ளி அகலத்தில் படத்துக்குக் கிடைப்பது 202 புள்ளிகளே. ஏழு அங்குலத் திரையில் அது ஐந்து சென்டிமீற்றர் அகலமுள்ள ஒரு பட்டை. கண் மங்கிய ஒருவருக்கு அது பயன்படாது. தலையையும் காலையும் வெட்டிப் பெரிதாக்கலாம்; ஆனால் மலையில் அவர் நடக்கும் நடையைப் பார்க்க வேண்டும் என்று தாயார் சொன்னார்.

அப்போது மகள்தான் பிரேமைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார். பின்புறத் தாங்கியைக் கழற்றி மாற்றித் திருகும் துளை அதற்கும் இருந்தது. பிரேமையே நிமிர்த்தி வைத்தால் படம் திரை முழுவதையும் நிரப்பும்!

அதற்கு வீடியோ படுத்த நிலையில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசி உண்மையில் அப்படித்தான் பதிகிறது: படத்தைப் படுக்கையாகவே எழுதி, “காட்டும்போது இதைத் திருப்பு” என்ற குறிப்பொன்றைக் கோப்பில் சேர்க்கிறது. `ffmpeg` அக்குறிப்பைப் பார்த்துத் தானாகத் திருப்பிவிடும். திருப்பாதே என்று சொன்னால் போதும். படுத்த படத்தின் விகிதமும் அகலத் திரையின் விகிதமும் ஒன்றே என்பதால், 640க்கு 480 ஆக நெருக்கிய படத்தைப் பிரேம் விரிக்கும்போது முகம் சரியான வடிவத்துக்கு மீள்கிறது. முன்பு இடைஞ்சலாக இருந்த பிரேமின் பழக்கம் இங்கே உதவியாயிற்று.

```
ffmpeg -noautorotate -i a01.mp4 -vf "scale=640:480,setsar=1" -r 20 -c:v mjpeg -q:v 7 -pix_fmt yuvj422p -c:a pcm_s16le -ar 22050 -ac 1 V01.AVI
```

`-noautorotate` என்பதை `-i`க்கு முன் எழுத வேண்டும். முதல் துண்டில் தந்தை தலைகீழாக நின்றார். தாங்கித் துளை அந்தப் பக்கத்தில் மட்டுமே இருந்ததால், `scale` என்பதற்கு முன் `hflip,vflip,` என்று சேர்த்து 180 பாகை திருப்பினேன். வேறு பிரேமில் இது தேவைப்படாமலும் இருக்கலாம்.

ஒன்பதாவது வீடியோ தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழா. 11 நிமிடம், கைத்தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்து எடுத்தது. நிமிர்த்தி வைத்த பிரேமில் அதற்கு இடமில்லை. அதை வேறொரு காட்டில் பதிந்து, பிரேமைப் படுக்கையாக வைக்கும் நாளில் பார்க்கும்படி கொடுத்தேன். இது முழுமையான தீர்வன்று.

ஒப்படைத்தபின்

எட்டு வீடியோக்களும் சேர்ந்து 23 நிமிடம்; ஏறத்தாழ 950 மெகாபைட். 2 ஜிகாபைட் காட்டில் பாதிக்கும் குறைவாகவே பிடித்தன. பிரேம் தமிழ் எழுத்துப் பெயர்களைக் கட்டங்களாகக் காட்டியதால் `V01.AVI` முதல் `V08.AVI` வரை பெயரிட்டு, தாயாருக்குப் பிடித்ததை முதலாவதாக வைத்தேன். காட்டில் படங்கள் இருந்தால் மின்சாரம் வந்ததும் பிரேம் அவற்றைத்தான் முதலில் காட்டுகிறது. ஆகவே வீடியோக்களைத் தவிர வேறொன்றும் போடவில்லை. மழைக்காலத்தில் தோட்டத்தில் மின்சாரம் போய்ப் போய் வருவது வழக்கம்; ஒவ்வொரு முறையும் தாயார் பட்டியலில் தேட வேண்டியிருந்தால் இந்த ஏற்பாடே பயனற்றதாகியிருக்கும்.

இரண்டு மாதங்களின் பின் மகள் வந்து, பிரேம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், மாலையில் தாயார் அதைப் போட்டுவிட்டு இரவுச் சமையலைத் தொடங்குவதாகவும் சொன்னார். மலையில் நடக்கும் வீடியோ ஓர் இடத்தில் நின்றுவிடுவதாகவும் சொன்னார். காட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன்: கெட்டிருந்தது அந்த ஒரு கோப்பு மட்டுமே. கணினியில் வைத்திருந்த பிரதியிலிருந்து மீண்டும் எழுதிக் கொடுத்தேன்.

இனி மாற்றிச் செய்வன

இத்தகைய கருவி வந்தால் முதல் வேலையாக அதன் உள்நினைவகத்தைத் திறந்து, உற்பத்தியாளரின் மாதிரிக் கோப்பைத் தேடிப் பிரதியெடுத்து வைப்பேன். அதைத் தேடாமல் ஒரு மாலையை இழந்தது மட்டுமல்ல, சிலர் இடம் போதவில்லை என்று அந்தக் கோப்பை அழித்துவிட்டே கொண்டு வருகிறார்கள். மாதிரி இல்லாத கருவிக்கு, அது ஏற்கெனவே ஓட்டிய ஏதாவதொரு பழைய கோப்பு வீட்டில் இருக்கிறதா என்று கேட்பேன். பழைய டிஜிட்டல் கெமராவில் எடுத்த வீடியோவும் பெரும்பாலும் மோஷன் ஜேபெக் என்பதால் அதுவும் உதவும்.

சோதனைத் துண்டை வீடியோவின் நடுவிலிருந்து எழுந்தமானமாக எடுக்காமல், இலையும் புல்லும் அதிகம் தெரியும் இடத்திலிருந்து எடுப்பேன். அங்கே ஓடினால் எங்கும் ஓடும்.

வட்டத்தை முதல் நாளே ஓட்டி அளந்துவிடுவேன். பார்க்கப் போகிறவரையும் முதல் நாளே அழைப்பேன். வாடிக்கையாளரிடம் காட்டைக் கொடுக்கும்போது ஒரே மாதிரியான இரண்டு காட்டுகளைக் கொடுப்பேன்: ஒன்று பிரேமில் போட, மற்றது டப்பாவில் போட்டு ஈரம் படாமல் அலுமாரியில் வைக்க. இந்தத் தாயாருக்கான இரண்டாவது காட்டை மகளிடம் கொடுத்தனுப்பியாயிற்று.